நகைக்கடனை முழுவதும் கட்டிய பின் நகையைத் திரும்பப் பெறுவதும் எழுத்தில் ரசீது கேட்பதும்

பாகாயம் ஆசிரியை | மே 11, இரவு 8.40

வேலூரில் உள்ள ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் சென்ற ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். ஆண்டு வட்டி 12 சதவீதம். வைத்த நகைகள் மூன்று வகை: இரட்டை வடச் சங்கிலி 20.150 கிராம், வளையல் இரண்டு 16.320 கிராம், கல் ஜிமிக்கி ஒரு ஜோடி 5.530 கிராம். மொத்த எடை 42.000 கிராம் என்று அடகுச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை கிளைக்குப் போய், திங்கட்கிழமை கட்ட வருகிறேன், எவ்வளவு என்று கேட்டபோது 2,13,940 ரூபாய் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இன்று காலை அந்தத் தொகையை என் வங்கியிலிருந்து ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பிவிட்டு மதியம் நேரில் போனேன். கணக்கில் இன்னும் 132 ரூபாய் பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அதையும் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். அதன் பிறகுதான் பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்றை வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றும், வியாழக்கிழமை வந்து நகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தார்கள்.

நான் எழுந்து புறப்படும் நேரத்தில் கவுண்டரில் இருந்த இளைஞர் என் அடகுச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் "நகைகளைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருந்த வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். வியாழக்கிழமை வேலை சுலபமாக முடியும் என்பது அவர் சொன்ன காரணம். நகையைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். நகை திரும்பி வரும்போது அவர்களிடம் எழுத்தில் ரசீது கேட்க எனக்கு உரிமை உண்டா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்? கணினியில் கடன் முடிந்துவிட்டது, எஸ்எம்எஸ் வரும், வேறு ரசீது எதுவும் தருவதில்லை என்கிறார்கள்.

சத்துவாச்சாரி வாசகர் | மே 11, இரவு 9.05

டீச்சர், கவலையே வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி கடனை முடித்த அன்றே நகையைத் தர வேண்டும். தராவிட்டால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் அவர்கள் உங்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். வியாழன் வரை மூன்று நாள் என்றால் 15,000 ரூபாய். இதைச் சொன்னாலே சாவி வந்துவிடும். அப்படியும் தராவிட்டால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.

வாலாஜா காசாளர் | மே 11, இரவு 10.30

நான் ஒரு வங்கியின் நகைக்கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்துப் போடாமல் சீட்டோடு வெளியே வந்தீர்கள் என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சீட்டு இப்போது உங்களிடம் இருக்கிற ஒரே எழுத்துச் சான்று. பணம் கட்டியதற்கு வங்கிக் கணக்கு சாட்சி சொல்லும். எந்த நகை, எத்தனை கிராம், யாரிடம் இருக்கிறது என்பதற்கு அந்தச் சீட்டை விட்டால் வேறு எதுவும் உங்கள் கையில் இல்லை. அதைப் பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தோடு ஒப்படைத்துவிட்டால், வியாழக்கிழமை காலையில் கணக்கும் முடிந்திருக்கும், நகையும் காகிதத்தில் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும், பெட்டகத்தில் இருக்கும் நகைக்கு உங்கள் தரப்பில் ஆதாரம் எதுவும் இருக்காது. சீட்டின் இரண்டு பக்கத்தையும் இன்றைக்கே படம் எடுத்து வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

சத்துவாச்சாரி நண்பர் சொன்னதில் பாதி சரி. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6ஆம் தேதி வெளியிட்ட தங்க, வெள்ளி அடமானக் கடன் விதிகள், கடன் முழுவதும் தீர்ந்த அன்றே நகையைத் திருப்பித் தர வேண்டும் என்றும், எப்படியும் ஏழு வேலை நாட்களைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. 5,000 ரூபாய் இழப்பீடு அந்த ஏழு வேலை நாட்களும் கடந்த பிறகுதான், அதுவும் தாமதத்துக்குக் கடன் கொடுத்தவர் காரணமாக இருந்தால்தான். ஆகவே வியாழக்கிழமை நகை வந்துவிட்டால் இழப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த விதிகளை நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு முன்பே தொடங்கியிருக்கவும் செய்யலாம். ஒரு நிறுவனம் புதிய விதிக்கு மாறுவதற்கு முன் அது கொடுத்திருந்த கடன்கள் பழைய வழிகாட்டுதலின் கீழேயே தொடரும் என்று அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் கடன் 2025 அக்டோபரில் வாங்கியது. அந்த நிறுவனம் எந்தத் தேதியில் மாறியது என்று தெரியாமல் 5,000 ரூபாய் என்று போய்ச் சண்டை போட்டால் முதல் பதிலிலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

சத்துவாச்சாரி வாசகர் | மே 11, இரவு 10.52

ஐயா, கடன் பழையதாக இருக்கலாம். நகையைத் திருப்பிக் கொடுப்பது மே மாதத்தில்தானே நடக்கிறது? விதி ஏப்ரலில் கட்டாயம் ஆகிவிட்டது என்றால் மே மாதத்தில் செய்கிற வேலைக்கு ஏன் பொருந்தாது?

வாலாஜா காசாளர் | மே 12, காலை 6.15

அப்படியும் வாதாட இடம் இருக்கிறது; நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தை இப்போதே நம்பி நிற்கத் தேவையில்லை. கடனும் பிற பாக்கிகளும் தீர்ந்தவுடன் ஈட்டை விடுவிக்க வேண்டும் என்பது தனியார் நிதி நிறுவனங்களுக்கான நியாய நடத்தை நெறிகளில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. நகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற கடமையில் சந்தேகம் இல்லை. நாள் கணக்கிலும் இழப்பீட்டுத் தொகையிலும்தான் சந்தேகம்.

இப்போது 132 ரூபாய் விவகாரம். 2 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி 65 ரூபாய் 75 காசு. அக்டோபர் 9 முதல் சனிக்கிழமை மே 9 வரை 212 நாள். அதற்கு வட்டி 13,940 ரூபாய். அவர்கள் துண்டுத்தாளில் எழுதியது அந்தத் தொகைதான். நீங்கள் திங்கட்கிழமை கட்டப்போவதாகச் சொல்லியும் சனிக்கிழமைக் கணக்கையே கொடுத்திருக்கிறார்கள். நடுவில் கூடிய இரண்டு நாள் வட்டிதான் அந்த 131 ரூபாய் சொச்சம்.

தொகை சிறியது என்று இதை விட்டுவிட முடியாது, ஏனென்றால் முழுவதும் தீர்ந்த நாளிலிருந்துதான் நகையைத் தர வேண்டிய கெடு ஓடத் தொடங்கும். வீட்டிலிருந்தே பணம் அனுப்பிவிட்டு ஒரு வாரம் கழித்து நகை வாங்கப் போகிறவர்கள் பலர். நூற்றுச் சொச்சம் ரூபாய் பாக்கியோடு கணக்கு திறந்தே கிடந்தது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்; அதுவரை நிறுவனத்துக்குக் கெடு எதுவும் தொடங்கியிருக்காது. "இன்ன தேதியில் கட்டினால் இன்ன தொகை" என்று தேதியோடு கேட்டு வாங்க வேண்டும்.

குடியாத்தம் நெசவாளர் | மே 12, காலை 7.40

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் என் மனைவியின் நகையை இப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள். 2021இல் 5 சவரன் வரை கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது எங்களுக்கும் கிடைக்கும் என்று காத்திருந்தோம். எங்கள் நகை 5 சவரனைத் தாண்டிவிட்டதால் பட்டியலில் பெயர் வரவில்லை. பிறகு கைத்தறிக் கூலியில் சேர்த்து முழுக் கடனையும் கட்டிய போது, நான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜாமீன் போட்ட பயிர்க்கடன் பாக்கி இருக்கிறது, அது முடியும் வரை நகையைத் தர முடியாது என்றார்கள். டீச்சர், நீங்கள் தள்ளுபடி பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாகாயம் ஆசிரியை | மே 12, காலை 8.05

அண்ணா, என்னுடையது தனியார் நிறுவனத்தில் வாங்கிய கடன். தள்ளுபடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே எனக்கு வேறு கடனும் இல்லை, யாருக்கும் நான் ஜாமீன் நிற்கவும் இல்லை. உங்களுடைய நகை பிறகு கிடைத்ததா?

காசாளர் ஐயா, இன்று பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். கிளைக்குப் போய் எழுத்தில் ஏதாவது வாங்க வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது?

வாலாஜா காசாளர் | மே 12, காலை 8.30

நீங்கள் அவர்களிடம் கேட்காதீர்கள் அம்மா. நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரே கடிதம் இரண்டு பிரதி. ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டு, மற்றதில் கிளை முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து இட்டுத் திருப்பித் தர வேண்டும். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"கடன் எண் ______ தொடர்பாக, அசலும் வட்டியும் சேர்ந்த முழுத் தொகையை 11.5.2026 அன்று செலுத்திவிட்டேன். கணக்கில் நிலுவை இல்லை என்று கிளை தெரிவித்தது. அடகு வைத்த நகைகள் (இரட்டை வடச் சங்கிலி 20.150 கிராம், வளையல் இரண்டு 16.320 கிராம், கல் ஜிமிக்கி ஒரு ஜோடி 5.530 கிராம், மொத்தம் 42.000 கிராம்) எனக்கு இன்னும் திருப்பித் தரப்படவில்லை. பெட்டகத்தின் இரண்டாவது சாவி இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நகைகள் தங்கள் பாதுகாப்பிலேயே உள்ளன என்பதையும், அவற்றைத் தரும் தேதியையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். சாவி இல்லை என்ற காரணத்தை விட்டுவிடாமல் எழுதுங்கள். தாமதம் யாரால் ஏற்பட்டது என்ற கேள்வி பிறகு எழுந்தால், பதில் அவர்களுடைய முத்திரைக்கு மேலேயே இருக்கும்.

முத்திரை போட மறுத்தால் அங்கேயே நின்று வாதாடாமல் அதே கடிதத்தைப் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டிய நிலை வந்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் கொடுத்த பதில் உங்களுக்குத் திருப்தி இல்லாததாக இருக்க வேண்டும். அந்த 30 நாளும் இந்தக் கடிதத்திலிருந்துதான் தொடங்கும். புகாரை cms.rbi.org.in என்ற தளத்தில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

காவல் நிலையம் இப்போதைக்கு வேண்டாம். நகை இல்லை என்று அவர்கள் மறுக்கவில்லை. வியாழக்கிழமை தருகிறோம் என்கிறார்கள்.

லாங் பஜார் ஆசாரி | மே 12, காலை 11.20

நகையைத் திரும்ப வாங்கும்போது மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். மொத்தமாக வைத்தால் எங்கே குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தராசைத் துடைத்து, வெறும் தட்டில் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆண்டு முத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடகு வைத்த அன்று எடை போட்ட அதே தராசாக இருந்தால் நல்லது. இரண்டு தராசுக்கு நடுவே பத்து, இருபது மில்லிகிராம் வேறுபாடு வரலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். உரைகல்லில் உரசிப் பார்த்ததால் போகிற தங்கம் இன்னும் குறைவு. கவருக்குள் கிடக்கும் நகை தானாகத் தேயாது, ஆகையால் நூறு மில்லிகிராமுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு பொருள் கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கல், வளையம், கொக்கி, திருகாணி.

கல் ஜிமிக்கி இருக்கிறது என்கிறீர்கள். கற்களை எண்ணுங்கள், திருகாணியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பாகாயம் ஆசிரியை | மே 12, மாலை 5.10

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். முதலில் மேலாளர், தலைமை அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் எதிலும் முத்திரை போட முடியாது என்றார். நான் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்றேன். சிறிது நேரத்தில் இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வந்தன, "நகைகள் 14.5.2026 அன்று வழங்கப்படும்" என்று பேனாவால் எழுதியும் கொடுத்தார். புதிய விதிக்கு நிறுவனம் எந்தத் தேதியில் மாறியது என்ற கேள்விக்கு அவருக்கே விடை தெரியவில்லை.

அப்ரைசர் கொடுத்த மதிப்பீட்டுச் சான்றிதழின் நகல் எனக்கு அக்டோபரில் தரப்படவில்லை, சீட்டு மட்டும்தான். அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

வாலாஜா காசாளர் | மே 12, மாலை 6.00

மிகவும் சரி. புதிய விதியில் இதற்கு முக்கிய இடம் இருக்கிறது. கடன் வாங்குபவர் முன்னிலையில் நகையைச் சோதித்து, மொத்த எடை, கல், அரக்கு போன்றவற்றுக்குக் கழித்தது, நிகர எடை, தரம், ஏற்கெனவே இருந்த உடைசல், நகையின் படம் எல்லாம் கொண்ட சான்றிதழை இரண்டு பிரதியாகத் தயாரித்து, ஒன்றைக் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். நகையைத் திருப்பித் தரும்போது அந்தச் சான்றிதழோடு ஒப்பிட்டு, கடன்காரருக்குத் திருப்தி ஏற்படும்படி காட்ட வேண்டும். உங்கள் கடனுக்கு இது கட்டாயமா என்ற பழைய கேள்வி இங்கேயும் வரும். ஆனாலும் அவர்களுடைய கோப்பில் ஏதோ ஒரு மதிப்பீட்டுத் தாள் நிச்சயம் இருக்கும். இல்லாமல் கடன் தந்திருக்க மாட்டார்கள்.

ரசீது கேட்க உரிமை உண்டா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. பணம் கட்டியதற்கு ரசீது தர மறுக்க அவர்களுக்கு வழியில்லை. நகையைத் திரும்பத் தந்ததற்கு அவர்கள் எழுதித் தரும் வழக்கம் பெரும்பாலான கிளைகளில் இல்லை, ஏனென்றால் அவர்கள் கண்ணோட்டத்தில் நகையைப் பெறுபவர் நீங்கள், கையெழுத்துப் போட வேண்டியவரும் நீங்கள். நீங்கள் கேட்பதோ இரண்டும் சேர்ந்த ஒரே தாள்: கடன் முழுவதும் தீர்ந்தது, இன்ன நகைகள் இன்ன எடையில் இன்ன நேரத்தில் திருப்பித் தரப்பட்டன, இனி இரு தரப்புக்கும் பாக்கி இல்லை. இதை அவர்கள் அச்சிட்டுத் தராவிட்டால், உங்கள் கையெழுத்து விழும் தாளிலேயே எடைகளை நீங்கள் எழுதி, அதன் கீழே அவர்களையும் கையெழுத்திடச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளலாம்.

குடியாத்தம் நெசவாளர் | மே 13, காலை 6.50

டீச்சர் கேட்டதற்குப் பதில். எங்கள் நகை கிடைத்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் பயிர்க்கடனைக் கட்டிய பிறகுதான் கிடைத்தது. சங்கம் அப்படி நிறுத்தி வைத்தது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுத்தில் எதுவும் தரவில்லை, வாயால்தான் சொன்னார்கள்.

வாலாஜா காசாளர் | மே 13, காலை 9.40

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் இந்த விதிகளுக்குள் வருவதில்லை; அவை மாநிலக் கூட்டுறவுத் துறையின் கீழ் இருப்பவை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் கிளை என்றால் விதிகள் பொருந்தும். உங்களுடையது எது என்பதைப் பொறுத்துப் புகார் போக வேண்டிய இடமே மாறும்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, ஒரு கடனுக்காக வைத்த பொருளை, அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேறொரு கடனுக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. 171ஆம் பிரிவு வங்கியாளர்கள் உள்ளிட்ட சில வகையினருக்கு மட்டும், தங்களிடம் உள்ள பொருளைப் பொதுக் கணக்கு பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா வழக்குகளும் நிற்கின்றன. கடன் வாங்கும் அன்று கையெழுத்திட்ட தாளில், நீங்கள் ஜாமீன் நின்ற கடனுக்கும் இந்த நகை ஈடாகும் என்ற வரி இருந்ததா என்று பார்த்தால்தான் உங்கள் விஷயத்தில் ஏதாவது சொல்ல முடியும். வங்கியோ நிதி நிறுவனமோ அப்படி நிறுத்தி வைத்தால் எந்தப் பாக்கிக்காக, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னதோடு விட்டிருக்கக் கூடாது.

பாகாயம் ஆசிரியை | மே 14, மாலை 7.30

நகை வந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முத்திரையிட்ட கவரை என் கண் முன்னால் பிரித்தார்கள். கவர் எண்ணும் சீட்டில் இருந்த எண்ணும் ஒன்றுதான், முத்திரை கலையவில்லை. கையெழுத்து முதலில் என்று மறுபடியும் கேட்டார்கள், எடை முதலில் என்றேன். சங்கிலி 20.150, வளையல்கள் 16.320, இரண்டும் புள்ளி பிசகாமல் வந்தன. ஜிமிக்கி 5.240 கிராம்தான் வந்தது. சீட்டில் 5.530. குறைந்தது 290 மில்லிகிராம்.

தராசின் குறை என்றார் மேலாளர். அதே தராசில் மற்ற இரண்டும் சரியாக வந்தன அல்லவா என்று கேட்டேன். ஆசாரி ஐயா சொன்னபடி ஜிமிக்கியைத் திருப்பிப் பார்த்தபோது வலது காது ஜிமிக்கியின் தண்டில் திருகாணி இல்லை. கவரின் மடிப்புகளை எல்லாம் பிரித்துத் தேடினோம். கிடைக்கவில்லை. அப்ரைசரின் தாளை எடுத்து வரச் சொன்னேன். அதில் உடைசல், குறைபாடு என்ற இடத்தில் கோடு மட்டும் போட்டிருந்தது. ஜிமிக்கிக்கு நேராக "திருகாணியுடன் ஒரு ஜோடி" என்று எழுதியிருந்தது.

அதன் பிறகு பேச்சு நீளவில்லை. அவர்கள் தாளிலேயே மூன்று உருப்படிகளின் எடையையும் நானே எழுதினேன். "ஜிமிக்கியில் ஒரு திருகாணி இல்லை, 0.290 கிராம் குறைவு, இதற்கு உட்பட்டே மற்ற நகைகளைப் பெற்றுக்கொண்டேன்" என்று சேர்த்து, மாலை 4.20 என்று நேரமும் எழுதிக் கையெழுத்திட்டேன். மேலாளரும் அப்ரைசரும் கீழே கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்கள். அந்தத் தாளின் நகலும், கடன் முடிந்ததற்கான கடிதமும், அப்ரைசர் தாளின் நகலும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கையில் வாங்கிய பிறகே அசல் சீட்டைக் கொடுத்தேன்.

சத்துவாச்சாரி வாசகர் | மே 14, இரவு 8.00

குறை இருக்கும்போது நகையை வாங்கியிருக்கவே கூடாது டீச்சர். எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஏழு நாள் கெடு தாண்டியதும் இழப்பீடு ஓடத் தொடங்கியிருக்கும்.

வாலாஜா காசாளர் | மே 14, இரவு 9.15

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் கொடுக்கத் தயாராக இருக்கும்போது நீங்கள் வாங்க மறுத்தால் தாமதம் அவர்களால் ஏற்பட்டது என்று சொல்வது கடினம். 42 கிராமில் 41.710 கிராமை மறுபடியும் அடுத்தவர் பெட்டகத்துக்குள் அனுப்பிவிட்டு 290 மில்லிகிராமுக்காகக் காத்திருப்பதிலும் பொருள் இல்லை. குறையை எழுதி வைத்துவிட்டு மற்றவற்றைப் பெற்றுக்கொண்டதே சரி. குறை எதையும் எழுதாமல் கையெழுத்திட்டிருந்தால்தான் பிறகு ஒன்றும் கேட்க முடியாமல் போயிருக்கும். அப்ரைசர் தாளில் "திருகாணியுடன்" என்ற சொல் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

அணைக்கட்டு மகன் | மே 15, காலை 10.10

அம்மாவின் பெயரில் பஜாரில் ஒரு அடகுக்கடையில் நகை இருக்கிறது. இதே கடிதத்தை அங்கேயும் கொடுத்தால் ஏற்பார்களா? ஏழு வேலை நாள், 5,000 ரூபாய் எல்லாம் அங்கேயும் உண்டா?

வாலாஜா காசாளர் | மே 15, காலை 11.45

அடகுக்கடை ரிசர்வ் வங்கியின் கீழ் வராது. 1943ஆம் ஆண்டின் அடகுக்கடைக்காரர்கள் சட்டம்தான் அதற்கு. கடைக்கு உரிமம் இருக்கிறதா, சீட்டில் உரிம எண் அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கெடுவும் இழப்பீடும் அங்கே இல்லை. ஆனால் சீட்டைக் கொடுக்கும் முன் நகையை எடை போட்டுப் பார்ப்பதற்கும், கட்டிய பணத்துக்கு ரசீது கேட்பதற்கும் எந்தச் சட்டத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள், ஏனென்றால் சீட்டு அவர் பெயரில் இருக்கிறது.

லாங் பஜார் ஆசாரி | மே 16, மதியம் 1.30

ஆசிரியை அம்மா, நிறுவனத்தில் வேறு திருகாணி வாங்கித் தருகிறோம் என்பார்கள். கடையில் விற்கிற திருகாணி உங்கள் தண்டுக்குப் பொருந்தாது. மரை ஒத்துப் போகாவிட்டால் இரண்டு சுற்றிலேயே வழுக்கும், ஜிமிக்கியே கீழே விழுந்துவிடும். தண்டைப் பார்த்து மரை வெட்டிச் செய்ய வேண்டும். ஆகையால் தங்கத்தின் விலையோடு செய்கூலியும் சேர்த்துக் கேளுங்கள்.

பாகாயம் ஆசிரியை | மே 22, மாலை 6.45

நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 0.290 கிராமுக்கு அன்றைய 22 காரட் விலையைத் தருவதாகவும், செய்கூலி தர முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். புதிய விதிக்கு எப்போது மாறினீர்கள் என்ற கேள்விக்கு இதிலும் விடை இல்லை.

ஆசாரி ஐயாவின் கடையில் திருகாணி செய்ய ஆகும் செலவை எழுதி வாங்கி, அதை இணைத்து, செய்கூலி இல்லாமல் ஏற்க முடியாது என்று பதில் அனுப்பிவிட்டேன். திருகாணி பற்றி அவர்களுக்குப் புகார் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள் ஆகும் வரை காத்திருக்கிறேன். அதற்குள் சரியான பதில் வராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் பதிவு செய்வேன். கடிதம், எடை எழுதிய தாள், அப்ரைசர் தாள் மூன்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன்.